டிரானெக்சாமிக் மாத்திரை கேட்கவில்லை என்றால் அடுத்து என்ன?

கேள்வி: வயது 38, இரண்டு குழந்தைகள். பீரியட்ஸ் தேதி தவறாமல் வருகிறது, ஆனால் இரண்டாம், மூன்றாம் நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. டிரானெக்சாமிக் 500 காலை ஒன்று, இரவு ஒன்று போட்டும் குறையவில்லை. இப்போது ஹார்மோன் மாத்திரை, இல்லையென்றால் காப்பர்-டி மாதிரி ஒன்று வைக்கலாம் என்கிறார் டாக்டர். எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பதில்:

முதலில் அந்த மாத்திரைக் கணக்கைப் பார்த்துவிடலாம். அதிக உதிரப்போக்குக்கு டிரானெக்சாமிக் அமிலத்தின் வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 1 கிராம், நாளுக்கு மூன்று வேளை. 500 மி.கி. மாத்திரையில் சொன்னால் நாளுக்கு 6 மாத்திரை. உதிரம் நன்றாகத் தொடங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் நான்கு நாள். நீங்கள் போட்டது நாளுக்கு இரண்டு, அதாவது மூன்றில் ஒரு பங்கு. "கேட்கவில்லை" என்று வருகிறவர்களில் பலரின் சிக்கல் இதுதான்: அளவு குறைவு, அல்லது போக்கு உச்சத்தைத் தாண்டிய மூன்றாம் நாளில்தான் ஆரம்பித்திருப்பார்கள்.

அளவும் நேரமும் ஏன் இவ்வளவு முக்கியம்? கருப்பையின் உட்சவ்வு உதிரும்போது அங்குள்ள சிறு ரத்தக்குழாய்களின் வாயை உறைந்த ரத்தம்தான் அடைக்கிறது. பிளாஸ்மின் என்ற நொதி அந்த அடைப்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். போக்கு அதிகமுள்ள பெண்களின் உட்சவ்வில் இந்தக் கரைப்பு வேலை கூடுதலாக நடக்கிறது. டிரானெக்சாமிக் அந்த நொதி உருவாகிச் செயல்படுவதைத் தடுக்கிறது. ஆனால் சிறுநீரகம் இதைச் சில மணி நேரத்திலேயே வெளியேற்றிவிடும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் நடுவில் பெரும்பகுதி நேரம் மருந்தே இல்லாத மாதிரிதான். இது ஹார்மோன் இல்லை, அதனால் சுழற்சியையோ கருத்தரிப்பையோ தொடாது. போக்கை நிறுத்தவும் செய்யாது. ஏறக்குறைய பாதியாக்கும், அவ்வளவுதான்.

முழு அளவு எல்லோருக்கும் பொருந்தாது. கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள், வலிப்பு வந்தவர்கள் இதை எடுக்கக் கூடாது. சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், தீவிரமானால் தரவே மாட்டார்கள். உங்கள் டாக்டர் குறைத்துத் தந்ததற்கு இப்படி ஏதாவது காரணம் இருக்கலாம். ஆகவே நீங்களாகக் கூட்டாமல், "முழு அளவு எனக்கு ஆகுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

இனி தேர்வு எப்படி நடக்கிறது என்பது. டாக்டர் மனதில் ஓடும் முதல் கேள்வி, போக்கு எவ்வளவு என்பதல்ல. தேதி ஒழுங்காக வருகிறதா என்பது. ஒழுங்காக வந்தால் பெரும்பாலும் கருமுட்டை வெளிப்படுகிறது என்று பொருள். அப்போது டிரானெக்சாமிக், மெஃபனமிக் அமிலம் போன்ற ஹார்மோன் அல்லாதவையும் பலன் தரும். இரண்டு மாதம் வராமல் பிறகு இருபது நாள் கொட்டுகிறது என்றால் கதை வேறு. கருமுட்டை வெளிவராததால் புரோஜெஸ்ட்ரோன் சுரக்காமல், உட்சவ்வு ஈஸ்ட்ரோஜனில் மட்டும் தடித்துக்கொண்டே போயிருக்கும். அதற்கு டிரானெக்சாமிக் மட்டும் கொடுப்பது, குழாயைத் திறந்து வைத்துவிட்டு வாளியை மாற்றுவது போலத்தான். அங்கே புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்து வேண்டும். வயது 45-ஐத் தாண்டியிருந்தாலோ, உடல் பருமன், நீண்ட நாள் ஒழுங்கற்ற சுழற்சி இருந்தாலோ, மருந்துக்கு முன் உட்சவ்வில் சிறு திசு எடுத்துச் சோதிப்பார்கள்.

இரண்டாவது கேள்வி, கருப்பையின் உட்குழி எப்படி இருக்கிறது. உங்கள் ஸ்கேனில் 2 செ.மீ. ஃபைப்ராய்டு ஒன்று தசைச் சுவருக்குள் இருக்கிறது, உட்குழியைத் தள்ளவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதை விட்டுவிடலாம், எந்த மருந்தும் ஆகும். அதே 2 செ.மீ. கட்டி குழிக்குள் புடைத்துக்கொண்டிருந்தால் மாத்திரைக்குப் பலன் குறைவு, உள்ளே வைக்கும் சாதனம் வெளியே தள்ளப்படவும் கூடும். அப்போது கட்டியை ஹிஸ்டரோஸ்கோப்பி மூலம், அதாவது யோனி வழியே கருப்பைக்குள் கேமராக் குழாய் விட்டு, எடுப்பதே நேர்வழி. அளவைவிட இடம்தான் முக்கியம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் செ.மீ. எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இடத்தைப் பார்ப்பதே இல்லை.

மூன்றாவது, கருத்தரிக்கும் எண்ணம் உண்டா, ஈஸ்ட்ரோஜன் ஆகாத காரணம் ஏதும் உண்டா என்பது. கண்ணில் மின்னல் மாதிரி கோடு தெரிந்த பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம், முன்பு ரத்தக்கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அந்த மாத்திரையோடு டிரானெக்சாமிக்கைச் சேர்த்துப் போடுவதும் ரத்தக்கட்டி ஆபத்தைக் கூட்டும்.

உங்கள் டாக்டர் சொல்லும் "காப்பர்-டி மாதிரி ஒன்று" காப்பர்-டி அல்ல. செம்பு வைத்தது போக்கைக் கூட்டும். இது லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்ட்ரோன் வகை ஹார்மோனைக் கருப்பைக்குள்ளேயே சிறிது சிறிதாகக் கசியவிடும் சாதனம். மொத்தம் 52 மி.கி. மருந்து; ஆரம்பத்தில் நாளுக்கு 20 மைக்ரோகிராம் அளவு வெளிவரும். உட்சவ்வு மெலிந்துவிடுவதால் போக்கு பல பெண்களுக்கு முக்கால் பங்குக்கு மேல் குறைகிறது. தேதி ஒழுங்காக, குழி சீராக, உடனே குழந்தை வேண்டாம் என்றிருந்தால் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு முதலில் வைப்பதும் இதைத்தான்.

இதில் தவறுவது பொறுமையில். முதல் 3 முதல் 6 மாதம் சொட்டுச் சொட்டாக, நாள்கணக்கில் கறை படும். அளவு குறைவு, நாட்கள் அதிகம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் மூன்றாம் மாதமே எடுத்துவிடச் சொல்கிறார்கள். மாறாக, திடீரென்று பழையபடி கொட்டினால், சாதனத்தின் நுனியில் தொங்கும் நூல் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால், சாதனம் நழுவியிருக்கலாம், ஸ்கேன் தேவை.

ஹார்மோன் மாத்திரை என்று டாக்டர் சொல்வது நார்எதிஸ்டெரோன் என்ற புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தாக இருந்தால், 5 மி.கி. மூன்று வேளை, சுழற்சியின் 5-ஆம் நாளிலிருந்து மூன்று வாரம் எடுத்தால்தான் போக்கு குறையும். கடைசி ஏழு, பத்து நாள் மட்டும் போடுவது ஒழுங்கான சுழற்சியில் பலன் தராது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும். அதைப் பார்த்து "மறுபடி ஆரம்பித்துவிட்டது" என்று மறுபடி மாத்திரை போட்டு, நிறுத்தி, மறுபடி போடும் சுழலில் மாதக்கணக்கில் சிக்கியவர்கள் உண்டு.

எதைத் தேர்ந்தாலும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிடின் ரத்தச் சோதனை பார்த்து இரும்பு மாத்திரை தொடங்க வேண்டும். 150 மி.லி. ரத்தம் போனால் ஏறக்குறைய 60 மி.கி. இரும்பு போகிறது, உணவிலிருந்து உடல் உறிஞ்சுவது நாளுக்கு 1 முதல் 2 மி.கி.தான், அதிலும் ஒரு மி.கி. அன்றாட இழப்புக்கே சரியாகிவிடும். போக்கு குறைந்தாலும் பழைய கடன் தானாக அடையாது.

டாக்டர் சரி என்றால், முழு அளவு டிரானெக்சாமிக்கை மூன்று சுழற்சி பார்க்கலாம். ஒவ்வொரு நாளும் எத்தனை நாப்கின், எவ்வளவு நனைந்தது என்று குறித்து வையுங்கள். நனைந்த எண்ணிக்கை பாதியாகக்கூட இறங்கவில்லை என்றால், அந்தச் சீட்டோடு போய் சாதனத்தைப் பற்றிப் பேசலாம். நடுவில் ஒரு காலில் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வையிலோ நிறங்கள் தெரிவதிலோ மாற்றம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள். மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்து தலைசுற்றினால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.