பழ மரத்தில் இருவாச்சி, கிளி, புறா: அலகையும் வாலையும் பார்த்தால் போதும்

"மளுக்கப்பாறையிலிருந்து சாலக்குடி போகிற வழியில் உயரமான அத்தி மரம் ஒன்றைப் படம் எடுத்தேன். நிறையப் பறவைகள், ஆனால் எல்லாமே கறுப்பாக விழுந்திருக்கின்றன. இதில் எது இருவாச்சி, எது கிளி, எது புறா?"

நான் அந்த வழியில் உள்ள தேயிலை எஸ்டேட்டில் குடியிருப்பவன். வானம் பின்னால் வெளுத்துக் கிடக்கும்போது இந்த மரங்களை எடுத்தால் நிறம் போய்விடும், உருவம்தான் மிஞ்சும். அதுவே போதும். போன் எடிட்டரில் நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பறவையிலும் முதலில் வாலைப் பாருங்கள், அப்புறம் அலகை.

கிளியைப் பிரிப்பது சுலபம். உங்கள் படத்தில் வலது மேல் கிளையில் இருப்பவை கிளிகள்தான். மெலிந்து கூராகப் போகும் வால், உடம்பின் மொத்த நீளத்தில் பாதிக்கு மேல் அதுவே. அலகு குட்டையாகக் கீழ்நோக்கி வளைந்து முகத்தோடு ஒட்டியிருப்பதால் முன்பக்கம் மொட்டையாகத் தெரிகிறது. ஒன்று பழத்தைக் காலில் பிடித்துத் தின்கிறது, இருவாச்சியோ புறாவோ அப்படிச் செய்யாது. இந்த ஈரக் காட்டில் நீங்கள் பார்க்கும் பெரிய கிளி பெரும்பாலும் நீலச் சிறகுக் கிளி, நீல வாலின் நுனி மட்டும் மஞ்சளாக இருக்கும். பெட்டைக்கு அலகு கருமையாக இருக்கும், சிவப்பு அலகு இல்லையே என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். இதைவிட மிகப் பெரிய கிளி, தடித்த சிவப்பு அலகு, தோளில் அரக்கு நிறத் திட்டு என்று இருந்தால்தான் அது பெரிய பச்சைக்கிளி.

நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கும் ராட்சதப் பறவையைப் பற்றிச் சந்தேகமே இல்லை, இருவாச்சி. எந்த இருவாச்சி என்பதுதான் கேள்வி. கேரளத்தில் மலமுழக்கி என்று சொல்லும் பெரிய இருவாச்சியும், பாண்டன் என்று சொல்லும் கறுப்பு வெள்ளை இருவாச்சியும் இந்தச் சாலையில் உண்டு. பாண்டன் கீழே வாழச்சால் ஆற்றோரக் காடுகளில்தான் அதிகம். பலரும் அலகின் மேலுள்ள புடைப்பை வைத்து முடிவு செய்வார்கள். இளம் பறவைக்கு அது சரியாக வளர்ந்திருக்காது, முழுதாக வளர வருடக்கணக்காகும். ஆகவே வாலை நம்புங்கள். வெள்ளை வாலின் நுனிக்குச் சற்று முன்னால் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை ஓடினால் பெரிய இருவாச்சி. பட்டையே இல்லாமல், நடு இறகுகள் கறுப்பாகவும் ஓர இறகுகள் முழு வெள்ளையாகவும் இருந்தால் பாண்டன். கீழிருந்து மூடிய வாலைப் பார்க்கும்போது பாண்டனின் வால் மொத்தமாக வெள்ளையாகவே தோன்றும். உங்கள் படத்தில் நிழலை ஏற்றியதும் குறுக்குப் பட்டை தெளிவாகத் தெரிகிறது. பெரிய இருவாச்சிதான்.

உண்மையான சிக்கல் அதற்குக் கீழே இடது கிளையில் இருக்கும் இரண்டும். நீங்கள் இரண்டையும் புறா என்று வட்டம் போட்டிருக்கிறீர்கள். கோழி வேழாம்பல் என்கிற மலபார் சாம்பல் இருவாச்சியும், பெரிய பழந்தின்னிப் புறாவான மலைப்புறாவும் ஏறத்தாழ ஒரே நீளம், 45 செ.மீ. பக்கம். இரண்டும் சாம்பல் கலந்த நிறம், இரண்டும் ஒரே அத்தியில் தின்னும். அந்த இருவாச்சிக்குப் புடைப்பும் கிடையாது, அதனால் தலையைத் திருப்பிக் கொண்டால் ஏமாற்றிவிடும்.

மேலே இருப்பதைப் பாருங்கள். சின்ன உருண்டைத் தலை, மெல்லிய அலகு, நிறைந்த மார்பு. வால் அகலமாக, நுனி வெட்டியது போல முடிகிறது, கடைசிப் பகுதி வெளிறிய அகலப் பட்டை. அது மலைப்புறா. வால் முழுக்க ஒரே கரும்பச்சையாகவும் அடிவால் செம்பழுப்பாகவும் இருந்திருந்தால் அதன் உறவான பெரிய பச்சைப் புறா என்று சொல்லியிருப்பேன்.

கீழே இருப்பது அலகை நம்மைப் பார்த்து நீட்டியிருப்பதால் அது குட்டையாகத் தோன்றுகிறது. ஆனால் வால் மெலிந்து நீண்டு, கருமையாகப் போய், ஓர இறகுகளின் நுனியில் மட்டும் வெள்ளை. அகலப் பட்டை இல்லை. கழுத்தும் புறாவின் கழுத்தைவிட நீளம். ஆகவே சாம்பல் இருவாச்சி. அடுத்த படத்தில் அது தலையைப் பின்னால் சாய்த்திருக்கிறதே, அது பழத்தை விழுங்கும் முறை. நாக்கு குட்டை என்பதால் அலகு நுனியில் பிடித்த பழத்தைத் தொண்டைக்கு எறிந்துதான் விழுங்கும். புறாவுக்கு அந்த வேலை இல்லை, எட்டிப் பறித்து அப்படியே விழுங்கிவிடும்.

இலைக்குள் பாதி மறைந்திருக்கும் சின்னப் பறவைகளுக்கு வாலும் தெரியவில்லை, அலகும் தெரியவில்லை. உருண்டை உடம்பை வைத்துப் பச்சைப்புறா என்று ஊகிக்கலாம், பட்டியலில் ஏற்ற மாட்டேன். மறுபடி போனால் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும் நேரமாகப் பார்த்து நில்லுங்கள். ஒரே படத்தோடு நிறுத்தாமல், பறவை திரும்பி அலகு பக்கவாட்டில் தெரியும் வரை ஏழெட்டுப் படம் தொடர்ந்து எடுங்கள்.