வாசல் விளக்குப் படம்: புது போன் வேண்டுமா, ப்ரோ மோடு போதுமா?

கேள்வி: கார்த்திகை தீபத்தன்று வாசலில் விளக்கு வைத்து போனில் படம் எடுத்தால், சுடரெல்லாம் வெள்ளைப் பொட்டாக வருகிறது. பிள்ளைகள் முகம் கலங்கிப்போகிறது. இரவுப் படத்துக்குப் புது போன்தான் வழி என்கிறார் கடைக்காரர். என் போனில் Pro என்று ஒன்று இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்டால் போதுமா, செலவு செய்யத்தான் வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: புது போன் இப்போதைக்கு வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சின்ன ட்ரைபாட் ஒன்று வாங்குங்கள். அதோடு ப்ரோ மோடையும் கற்றுக்கொண்டால் உங்கள் குறையில் பெரும்பங்கு தீர்ந்துவிடும்.

கையில் பிடித்து எடுப்பதாக இருந்தால் ப்ரோ மோடைவிட நைட் மோடே நல்லது. நைட் மோடில் போன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, கை அசைந்த அளவுக்கு ஒவ்வொன்றையும் நகர்த்திப் பொருத்தி, ஒரே படமாக்கித் தருகிறது. ப்ரோ மோடில் பெரும்பாலும் அந்த வேலை நடக்காது. நீங்கள் சொன்ன அளவில் ஒரே ஒரு படம், அவ்வளவுதான். ஆனால் நைட் மோடு இருட்டை எப்படியாவது வெளிச்சமாக்கப் பார்க்கும். விளக்கு வெளிச்சத்தில் இருந்த திண்ணை, ட்யூப் லைட் போட்டது போல ஆகிவிடும். விளக்கின் அழகு சுற்றியுள்ள இருட்டில்தான் இருக்கிறது. அந்த இருட்டை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ப்ரோ மோடு வேண்டும், போனும் அசையாமல் நிற்க வேண்டும்.

போன வருடம் எங்கள் வீட்டுத் திண்ணையில் 12 அகல் வைத்து எடுத்ததைச் சொல்கிறேன். முதலில் லென்ஸைத் துடைத்தேன். திரி போட்டு எண்ணெய் ஊற்றிய விரல் லென்ஸில் பட்டிருந்தால் ஒவ்வொரு சுடரிலிருந்தும் நீளமாக ஒளிக்கோடு கிளம்பும், படம் முழுக்கப் புகை படிந்தது போல இருக்கும். போனில் கோளாறு என்று இதைத்தான் பலர் நினைக்கிறார்கள். பருத்தித் துணியால் ஒரு துடை போதும். பிறகு ட்ரைபாடில் போனை வைத்து, ஃப்ளாஷை அணைத்து, டைமரை 2 நொடிக்கு வைத்தேன். பட்டனைத் தொடும்போது போன் லேசாக ஆடும். அந்த ஆட்டம் அடங்க 2 நொடி வேண்டும்.

அடுத்தது ஃபோகஸ். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். சுடர் ஆடுகிற ஒவ்வொரு தடவையும் மறுபடி தேடும். ப்ரோ மோடில் MF அல்லது F என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. பல போன்களில் அதன் ஒரு முனையில் பூவும் மறு முனையில் மலையும் வரைந்திருக்கும். பூ பக்கத்தில் இருப்பதற்கு, மலை தூரத்தில் இருப்பதற்கு. சுடரைப் பார்த்து ஃபோகஸ் செய்யாதீர்கள், அது நிலையாக நிற்காது. நடுவில் உள்ள ஓர் அகலின் மண் விளிம்பைப் பாருங்கள். ஸ்லைடரை மெல்ல நகர்த்தினால் விளிம்பு கூர்மையாகி, மறுபடி மங்கும். கூர்மையாக இருந்த இடத்துக்குத் திரும்பி வந்து நிறுத்துங்கள். சில போன்களில் கூர்மையான விளிம்புகளைச் சுற்றிப் பச்சைக் கோடு தெரியும், அப்போது வேலை இன்னும் சுலபம். மிக அருகில் போய் எடுத்தால் ஒரு விளக்கு தெளிவாகி மற்றவை மங்கிவிடும். வரிசைக்கு நேர் எதிரே ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் எல்லா அகலும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வரும்.

இனி வெளிச்சம். போனின் பிரதான கேமராவில் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு பெரும்பாலும் மாறாதது. அதனால் உங்கள் கையில் இருப்பவை இரண்டுதான். S என்பது ஷட்டர், அதாவது எவ்வளவு நேரம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது. ISO என்பது வந்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்க வேண்டும் என்பது. பெருக்கப் பெருக்கப் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும். ஷட்டர் நேரத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் இரட்டிப்பாகும். ISO எண்ணை இரட்டிப்பாக்கினாலும் படம் அதே அளவு பிரகாசமாகும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும். EV என்று இன்னொரு ஸ்லைடர் உண்டு. S, ISO இரண்டையும் நீங்களே வைத்துவிட்டால் பெரும்பாலான போன்களில் அதற்கு வேலை கிடையாது, நகராமல் நிற்கும். அது பழுது இல்லை.

ISO 100 வைத்து, ஷட்டரை 1/8 நொடியில் ஆரம்பித்தேன். சுடர் நன்றாக இருந்தது, திண்ணை கறுப்பாக இருந்தது. 1/4 வைத்தேன், கோலம் தெரிய ஆரம்பித்தது. 1/2 நொடியில் திண்ணை, கோலம், தூணின் விளிம்பு எல்லாம் வந்துவிட்டன. ஆனால் சுடரின் நடு வெள்ளையாகிவிட்டது. சுடருக்கும் சுவருக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் அவ்வளவு பெரியது, ஒரே படத்தில் இரண்டையும் முழுதாகப் பிடிக்க எந்த போனாலும் ஆகாது. இதற்கு வழி நேரத்தில் இருக்கிறது. திருவண்ணாமலையில் மாலை 6 மணிக்கு மகா தீபம் ஏற்றியதும் வீடுகளிலும் ஏற்றுகிறோம் இல்லையா, அந்தக் கால் மணி நேரம் வானத்தில் இன்னும் நீல வெளிச்சம் மிச்சம் இருக்கும். அது சுவரையும் தரையையும் நிரப்பிக்கொடுக்கும். சுடருக்கு ஏற்றபடி 1/15 வைத்தாலும் திண்ணை கறுத்துப்போகாது. 7 மணிக்கு எடுத்த படத்தையும் 6.10-க்கு எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு கேமராவில் எடுத்தது போலத்தான் இருக்கும்.

நிறத்துக்கு WB. ஆட்டோவில் விட்டால் விளக்கின் பொன்னிறத்தைக் குறையாக நினைத்து போன் வெளுக்கப் பார்க்கும். 3500 முதல் 4000 வரை வைத்துப் பாருங்கள். எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும், குறைத்தால் நீலமாகும்.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். அகல் விளக்கு அசையாது, 1/2 நொடி பொறுக்கும். பிள்ளை பொறுக்காது. உட்கார்ந்திருக்கும் குழந்தையை ‘கொஞ்சம் அசையாதே’ என்று சொல்லி எடுப்பதற்கு 1/30 நொடியாவது வேண்டும், 1/60 கிடைத்தால் நல்லது. 1/2-லிருந்து 1/30-க்குப் போனால் வெளிச்சம் நான்கு தடவை பாதியாகிறது. அதை ஈடுகட்ட ISO-வை நான்கு தடவை இரட்டிப்பாக்க வேண்டும்: 100, 200, 400, 800, 1600. நடுத்தர விலை போனில் ISO 1600-இல் முகம் மெழுகுப் பொம்மை போலவோ புள்ளி புள்ளியாகவோ வரும். இந்த இடத்தில்தான் கடைக்காரர் விலை உயர்ந்த போனைக் காட்டுவார். அதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. குழந்தையின் கையில் ஓர் அகலைத் தட்டோடு கொடுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு அடியில் இருந்த விளக்கு ஓர் அடிக்கு வந்தால் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். 1600 தேவைப்பட்ட இடத்தில் ISO 400 போதும். எங்கள் வீட்டில் என் மகள் விளக்கைப் பிடித்து உட்கார்ந்த படம் ISO 400, 1/30-இல் எடுத்ததுதான். அவளுடைய இமை முடி தெரிகிறது.

எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தவறு எங்கே என்று அதிலேயே தெரியும். சுவர், விளக்கு, முகம் எல்லாம் ஒரே திசையில் இழுத்தது போல இருந்தால் போன் ஆடியிருக்கிறது. சுவர் கூர்மையாக இருந்து முகம் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் மெதுவாகிவிட்டது. முகம் மங்கிப் பின்னால் உள்ள தூண் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறு. எல்லாம் சரியான இடத்தில் இருந்து புள்ளிகள் மட்டும் தெரிந்தால் ISO அதிகம். உங்கள் பிள்ளைகள் படத்தை இப்படிப் பாருங்கள், இரண்டாவது காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்னொன்று, இருட்டில் திரை பளிச்சென்று தெரிவதால் படம் போதுமான வெளிச்சத்தோடு இருப்பதாகத் தோன்றும். மறுநாள் பகலில் பார்த்தால் கறுத்திருக்கும். திரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுச் சரிபாருங்கள்.

வேலை முடிந்ததும் ஃபோகஸை ஆட்டோவுக்கு மாற்றிவிடுங்கள். சில போன்கள் பழைய அளவை நினைவில் வைத்திருக்கும். நான் மறந்துபோய், மறுநாள் ப்ரோ மோடிலேயே கோவிலில் எடுத்த படங்கள் எல்லாம் மங்கலாகிவிட்டன, திரும்ப எடுக்க வழியில்லை.

நாளைக்குப் புது போன் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடையிலேயே கேமராவைத் திறந்து ப்ரோ மோடுக்குப் போங்கள். MF ஸ்லைடர் இருக்கிறதா, ஷட்டர் எத்தனை நொடி வரை போகிறது என்று நகர்த்திப் பாருங்கள். விலை குறைந்த சில போன்களில் ப்ரோ என்று பெயர் மட்டும் இருக்கும், ஷட்டர் ஸ்லைடரே இருக்காது. பிரதான கேமராவுக்கு OIS உண்டா என்று கேளுங்கள். லென்ஸையோ சென்சாரையோ எதிர்த்திசையில் நகர்த்திக் கை நடுக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு அது. கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு உதவும். ஆனால் பிள்ளை அசைவதை அது நிறுத்தாது. ஐபோனில் அதன் சொந்த கேமராவில் ப்ரோ மோடு கிடையாது, தனி ஆப் போட வேண்டும்.

கடைசியாக, உங்கள் தெருவில் இன்னும் மாவளி சுற்றுகிறார்கள் என்றால் அதை விட்டுவிடாதீர்கள். மேனுவல் ஃபோகஸ் இல்லாமல் எடுக்கவே முடியாத படம் அது. சுற்றப்போகிறவரை முதலில் அவர் நிற்கும் இடத்தில் நிறுத்தி, டார்ச் அடித்து, அவர் சட்டையில் ஃபோகஸ் வையுங்கள். அப்புறம் டார்ச்சை அணைத்துவிடுங்கள். MF-இல் வைத்த ஃபோகஸ் இருட்டிலும் நகராது. தெருவிளக்கு பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து, ட்ரைபாடை ஐந்தாறு மீட்டர் தள்ளி வைத்து, ISO 100, ஷட்டர் 2 நொடி. பொறி நன்றாகப் பறக்க ஆரம்பித்த பிறகு அழுத்துங்கள். வட்டம் பாதியில் நின்றால் 4 நொடியாக்குங்கள், முழுதும் வெளுத்துப்போனால் ISO-வை 50-க்கு இறக்குங்கள். சுற்றுகிறவரின் உருவம் லேசான நிழலாகத்தான் வரும். அவரைச் சுற்றி நெருப்பு வளையம் முழுதாக நிற்கும்.