பொங்கல் லீவு யாருக்கு? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் சப்போர்ட் டீமில் மேனேஜராக இருக்கிறேன். மொத்தம் 8 பேர். தினமும் 4 பேராவது இருந்தாக வேண்டும். பொங்கல் வாரம் முழுக்க 6 பேர் லீவு கேட்கிறார்கள். முதலில் கேட்டவர்களுக்கு முதலில் என்று கொடுத்துவிடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். நான் டீம் லீடாக இருந்தபோது அப்படித்தான் கொடுத்தேன். மெயிலை முந்தி அனுப்பத் தெரிந்தவர்களே ஒவ்வொரு வருஷமும் ஊருக்குப் போனார்கள். கேட்கத் தயங்கிய ஒரு பையன் தொடர்ந்து மூன்று பொங்கலுக்கு ஆபீசில் இருந்தான். வேலையை விட்டுப் போகும் அன்று அவன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அது இன்னும் உறுத்துகிறது.

"வாரம் முழுக்க" என்பதை முதலில் பிரியுங்கள். எந்த நாள் கட்டாயம் வேண்டும், எந்த நாள் விட்டுக்கொடுக்க முடியும் என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். காரணம் கேட்காதீர்கள். காரணத்தை எடைபோட ஆரம்பித்தால் குழந்தை இருப்பவருக்கு லீவு, கல்யாணமாகாதவருக்கு வேலை என்றுதான் முடியும்.

உங்கள் ஆறு பேரில் மூன்று பேர் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்குப் போகி முதல் மாட்டுப் பொங்கல் வரை மூன்று நாளும் வேண்டும். இரண்டு பேர் சென்னைக்காரர்கள், பொங்கலன்று மட்டும் போதும். ஆறாமவர் திண்டிவனம் பக்கம். பொங்கலும் மாட்டுப் பொங்கலும் கேட்கிறார். இப்போது எண்ணிப் பாருங்கள். போகிக்கு 3 பேர், மாட்டுப் பொங்கலுக்கு 4 பேர். இரண்டும் சமாளிக்கக் கூடியவை. பொங்கலன்று மட்டும் 6 பேர். அதாவது, வாரம் முழுக்கத் தெரிந்த சிக்கல் ஒரே நாளில் இரண்டு ஆளாகச் சுருங்கிவிட்டது.

சென்னைக்காரர்கள் இருவரும் அந்த ஷிப்டைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். காலையில் பானை வைப்பவர் மதியம் வரட்டும், மற்றவர் காலையில் பார்க்கட்டும். ஒரு இடம் நிரம்பியது. திண்டிவனத்துக்காரரிடம் பேசினால், வீட்டில் மாடு இருப்பதால் மறுநாள்தான் அவருக்கு முக்கியம் என்று தெரியலாம். பொங்கல் சாயங்காலம் ஷிப்டு முடிந்து கிளம்பினாலும் ராத்திரிக்குள் ஊர் போய்விடுவார். யாரும் இப்படி இறங்கி வராவிட்டால், போன வருஷப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் யார் ஆபீசில் இருந்தார்கள் என்று பாருங்கள். இருந்தவருக்கு இந்த முறை முதல் உரிமை. இதற்காக ஒரு ஷீட் வைத்து, எல்லோரும் பார்க்கும்படி திறந்தே வையுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள்.

லீவு கேட்காத இரண்டு பேரையும் மறந்துவிடக் கூடாது. "அவர்களுக்குப் பொங்கல் இல்லையே" என்று நாமாகவே முடிவுசெய்வது தப்பு. அவர்களிடமும் கேட்டு, கிறிஸ்துமஸோ ரம்ஜானோ அவர்களுக்கு முன்னுரிமை என்று அதே ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், தேதி. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. ஜனவரி 13 ராத்திரி வண்டிக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்கே டிக்கெட் போட உட்கார வேண்டும். அதனால் நவம்பர் முதல் வாரத்திலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள். டிசம்பரில் சொன்னால், டிக்கெட் போட்டுவிட்டேன் சார் என்று வந்து நிற்பவருக்குக் கொடுப்பீர்கள், உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தவருக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைக்கும்.

உங்கள் லீவையும் அந்த ஷீட்டில் எழுதுங்கள், கடைசி வரியில்.