முன்னால் வந்த சொல்லுக்குத்தான் அழுத்தமா? இத்தாலிய வாக்கியத்தை ஆங்கிலமாக்குவோருக்கு

கேள்வி: இத்தாலியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப் பழகி வருகிறேன். "இல் பானே லோ கோம்ப்ரா மரியா" என்பது போலச் செயப்படுபொருள் முதலில் வரும் வாக்கியங்களில், அந்தப் பொருளுக்குத்தான் அழுத்தம் என்று எண்ணி "இட்ஸ் த பிரெட் தட் மரியா பைஸ்" என்று எழுதினேன். அழுத்தம் இடம் மாறிவிட்டது என்று சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே தவறினேன்?

பதில்: அந்த வாக்கியத்தில் அழுத்தம் பெறுவது ரொட்டி அன்று, மரியா. "பானே" முதலில் வந்தது அது முக்கியம் என்பதற்காக அன்று. அதைப் பற்றிய பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக. வீட்டில் யார் எதை வாங்கி வருவது என்று பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் ரொட்டியைப் பற்றிக் கேட்கிறார். அதற்கு மற்றவர் "ரொட்டியா, அதை மரியா வாங்குகிறாள்" என்கிறார். இங்கே புதுச் செய்தி மரியாவின் பெயர் மட்டுமே. அதனால்தான் எழுவாயான அவள் வினைக்குப் பின்னால், வாக்கியத்தின் கடைசிக்குப் போயிருக்கிறாள்.

இதைக் காட்டிக்கொடுக்கும் சொல் "லோ". முன்னால் போன பொருளைத் திரும்பக் குறிக்கும் இந்தச் சிறு பிரதிப்பெயர் வினைக்கு முன்னால் நின்றால், பொருள் பேச்சுக்கு அடியாக வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். பொருளின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப அது லோ, லா, லீ, லே என்று மாறும். பொருள் முன்னால் வந்தும் இந்தப் பிரதிப்பெயர் இல்லையென்றால் நிலைமை தலைகீழாகிறது. "இல் பானே கோம்ப்ரா மரியா, நோன் இல் லாத்தே" என்பதில் "லோ" இல்லை. பேசுபவர் "பானே" என்பதை அழுத்தி உச்சரித்து, மரியா வாங்குவது ரொட்டியையே, பாலை அன்று என்று எதிரே இருப்பவரைத் திருத்துகிறார். நீங்கள் எழுதிய ஆங்கில வாக்கியம் இந்த இரண்டாம் வாக்கியத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு. எழுத்தில் குரல் கேட்பதில்லை, முதல் வகை வாக்கியத்தில் பலர் காற்புள்ளியும் இடுவதில்லை. ஆகவே கண் முதலில் தேட வேண்டியது அந்தச் சிறு சொல்லையே.

தமிழ் பேசுபவருக்கு இங்கே ஒரு நல்ல துணை உண்டு. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து, "தான்" எங்கே ஒட்டுகிறது என்று கவனியுங்கள். "ரொட்டியை மரியாதான் வாங்குகிறாள்" என்று வந்தால் "லோ" உள்ள வாக்கியம். "ரொட்டியைத்தான் மரியா வாங்குகிறாள்" என்று வந்தால் "லோ" இல்லாத வாக்கியம். இரண்டிலும் ரொட்டியே முன்னால் நிற்கிறது என்பதைப் பாருங்கள்.

அடுத்தது ஆங்கிலத்தில் என்ன செய்வது என்பது. ஆங்கிலம் சொல்வரிசையை எளிதில் மாற்ற விடாது. எழுத்தில் படிப்பவர் இயல்பாகவே வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் அழுத்தத்தை வைத்துப் படிப்பார். எனவே "மரியா பைஸ் த பிரெட்" என்று நேரே எழுதினால் ரொட்டி அழுத்தம் பெற்றுவிடும். "இட்ஸ் மரியா ஹூ பைஸ் த பிரெட்" என்பது மரியாவை மீட்டுத் தரும். உரையாடலாக இருந்தால் "மரியா'ஸ் த ஒன் ஹூ பைஸ் இட்" என்பது இன்னும் இயல்பு. ரொட்டி முந்தைய வரியில் வந்துவிட்டதால் "இட்" போதும், அது அழுத்தத்தை ஏற்காது. மரியாவின் பெயரைச் சாய்வெழுத்தில் தருவதும் ஒரு வழி, ஆனால் ஒரு பக்கத்தில் இரண்டாம் முறை வந்தாலே அது உறுத்தும் என்பது என் கருத்து.

உரையாடலல்லாத எழுத்தில் பெரும்பாலும் நான் செயப்பாட்டு வினையையே நாடுகிறேன். ஆங்கில நடைக் கையேடுகள் அதைத் தவிர்க்கச் சொல்வதால் பல மொழிபெயர்ப்பாளர்கள் அஞ்சுகிறார்கள். இந்த இடத்தில் அந்த அச்சம் தேவையில்லை. தெரிந்த பொருள் முதலில், செய்தவர் கடைசியில் என்ற இத்தாலிய வரிசையை ஆங்கிலத்தில் அப்படியே காப்பது அதுதான். இதற்கு இத்தாலியத்தின் மிகப் பழைய சான்று ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 960ஆம் ஆண்டு மார்ச் மாதம் காப்புவா நகரில், மொந்தெகஸ்ஸீனோ மடத்துக்கும் ரொதெல்கிரீமோ என்பவருக்கும் நடந்த நில வழக்கில் சாட்சிகள் சொன்ன வாக்கு, லத்தீன் ஆவணத்தின் நடுவே மக்கள் மொழியில் பதிவாகியிருக்கிறது: "சாவோ கோ கெல்லே தெர்ரே, பெர் கெல்லே ஃபீனி கே கி கொந்தேனே, த்ரெந்தா அன்னி லே பொஸ்ஸெத்தே பார்த்தே சாங்க்தி பெனெதிக்தி." இதில் "கெல்லே தெர்ரே", அதாவது அந்த நிலங்கள், முன்னால் நிற்கிறது, வினைக்கு முன்னால் "லே" அதைத் திரும்பக் குறிக்கிறது, நிலங்களை வைத்திருந்த புனித பெனெதிக்தின் தரப்பு, அதாவது மடம், கடைசியில் வருகிறது. வழக்கே அந்த நிலங்களைப் பற்றியது என்பதால் அவற்றில் புதிதாக ஒன்றும் இல்லை. யார் கையில் இருந்தன என்பதைத்தான் சாட்சி சொல்ல வந்தார்.

இதை "ஐ நோ தட் த பார்ட்டி ஆஃப் செயின்ட் பெனடிக்ட் ஹெல்ட் தோஸ் லேண்ட்ஸ் ஃபார் தர்ட்டி இயர்ஸ்" என்று மாற்றினால் எல்லை பற்றிய தொடரைத் தவிரத் தகவல் ஒன்றும் விடுபடாது. ஆனால் முப்பது ஆண்டுகள் கடைசிக்குப் போய், சாட்சி ஏதோ கால அளவைப் பற்றி மட்டும் கேட்கப்பட்டவர் போலத் தோன்றுவார். "லே" என்பதை விடாமல் "தோஸ் லேண்ட்ஸ், த பார்ட்டி ஆஃப் செயின்ட் பெனடிக்ட் ஹெல்ட் தெம்" என்று எழுதினால் வரிசை நிற்கும், நடை குலையும்: ஆங்கிலத்தில் இது தளர்ந்த பேச்சுநடை, மூலமோ நீதிபதி முன் சொன்ன சாட்சி வாக்கு. "ஐ நோ தட் தோஸ் லேண்ட்ஸ், வித்தின் தோஸ் பவுண்ட்ஸ் ஹியர் கன்டெய்ன்ட், வேர் ஹெல்ட் ஃபார் தர்ட்டி இயர்ஸ் பை த பார்ட்டி ஆஃப் செயின்ட் பெனடிக்ட்" என்பதில் நிலம், எல்லை, ஆண்டு, வைத்திருந்தவர் என்ற மூல வரிசை முழுதும் நிற்கிறது. "லே" மறைந்துவிட்டது, செயப்பாட்டு வினையில் நிலமே எழுவாயாகிவிட்டதால் அதற்கு வேலை இல்லை.

பொருள் வாக்கியத்தின் கடைசிக்குப் போகும் வடிவமும் உண்டு: "லோ கோம்ப்ரா மரியா, இல் பானே." இங்கும் அழுத்தம் மரியாவுக்கே, ரொட்டி, கேட்பவருக்குத் தெரிந்ததை நினைவூட்டிவிட்டுப் போகிறது. ஆங்கிலத்தில் அதைக் கடைசியில் வைத்தால் இல்லாத அழுத்தம் அதன் மேல் ஏறிவிடும். இங்கேயும் "மரியா'ஸ் த ஒன் ஹூ பைஸ் இட்" என்பதே பொருந்தும்.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். பேச்சு இத்தாலியத்தில் இவ்வமைப்பு மிகச் சாதாரணம்; எல்லா இடத்திலும் அது எதையாவது வலியுறுத்துகிறது என்று கொள்ளக் கூடாது. "லோ பிரெந்தி உன் கஃப்பே?" என்று ஒருவர் கேட்டால் அது அன்பாகக் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்பது மட்டுமே, "வுட் யூ லைக் அ காஃபி?" என்று எழுதி நகர்ந்துவிடலாம். ஐயம் வரும்போது, மூல வாக்கியம் எந்தக் கேள்விக்கு விடையாக நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். உங்கள் ஆங்கில வாக்கியத்தை மட்டும் படிக்கும் ஒருவர் அதே கேள்வியை ஊகித்தால் அழுத்தம் தன் இடத்தில் இருக்கிறது. நீங்கள் திருப்பிப் பெற்ற வாக்கியம் "மரியா எதை வாங்குகிறாள்?" என்ற கேள்விக்கு விடை, மூலத்தில் கேட்கப்பட்டது "ரொட்டியை யார் வாங்குகிறார்?"