குளவி கொட்டிய மூவரும் ஒரு மாலை ஷிஃப்ட்டும்

கேள்வி: அக்கா, நான் ஹட்டன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நேர்சிங் ஒஃபிசர். வேலையோடு டிகிரியும் படிக்கிறேன். நெருக்கடியான ஷிஃப்ட்டைப் பொறுப்பேற்று நடத்தும்போது எதை முதலில் செய்வது, எதை யாரிடம் கொடுப்பது என்று தலைமைத்துவ ஒப்படை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வரைவிலக்கணமெல்லாம் எழுதிக் கொடுத்தேன். "இதில் வார்ட்டையே காணோமே" என்று லெக்சரர் திருப்பித் தந்துவிட்டார். எப்படி எழுதுவது?
*வாசகி, ஹட்டன்*

பதில்: தங்கச்சி, ஒரே ஒரு ஷிஃப்ட்டை எடுங்கள். அதிலும் பகல் 1 மணியிலிருந்து 3 மணி வரை போதும். மலைநாட்டு வார்ட் என்றதும் எனக்குக் குளவிதான் ஞாபகம் வரும். கொழுந்து எடுக்கிற இடத்தில் கூடு கலைந்தால் ஒருவர் தனியாக வருவதில்லை, இரண்டு மூன்று பேராகத்தான் கொண்டுவந்து இறக்குவார்கள். அதையே வைத்துக்கொள்வோம்.

பெண்கள் வார்ட், 28 நோயாளிகள். நீங்கள் இன்சார்ஜ். கூட ஒரு சீனியர் மிஸி, கைதேர்ந்தவர், ஆனால் சிங்களம் மட்டும்தான் பேசுவார். இன்னொரு மிஸி வேலைக்கு வந்து ஆறு மாதம், தமிழ்ப்பிள்ளை. அப்புறம் ஒரு சிற்றூழியர். 1.40க்கு அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். அதே நேரம் ஒரு கட்டிலில் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. இன்னொரு கட்டிலில் டிக்கட் வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்ன அம்மா, தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் மூவரையும் நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். இந்தப் பார்வையை யாரிடமும் கொடுக்க முடியாது. ஒருத்திக்குக் கையில் ஆறு கொட்டு, வலியில் வார்ட்டே கேட்கும்படி அழுகிறாள். நாடி, பிரஷர், மூச்சு எல்லாம் சரியாக இருக்கிறது. இன்னொருத்திக்கு முகம் வீங்கி, கீழே அட்ரினலின் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இப்போது சிரித்துப் பேசுகிறாள். மூன்றாவது அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். தலை, கழுத்து, முதுகு என்று நாற்பது கொட்டுக்குக் குறையாது. "ஒன்னும் இல்ல மிஸி, லேசா கடுக்குது" என்கிறார்.

சத்தத்தை வைத்து வரிசை போட்டால் தவறும். யாருடைய நிலைமை வேகமாக மாறக்கூடும் என்று பார்க்க வேண்டும். சிரிக்கிறவள்தான் முதலில். அட்ரினலினின் வேலை சீக்கிரம் தணிந்துவிடும். சில மணி நேரம் கழித்தும் அந்த ஒவ்வாமை திரும்ப வரலாம். அடுத்தது அந்த அம்மா. கொட்டு அதிகமானால் விஷமே தசையைச் சிதைத்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆனால் அது நிமிடத்தில் வராது, மணிக்கணக்கில் வரும். அழுகிறவள் மூன்றாவது. அவளுக்கு வலி மருந்து வேண்டும், காத்திருக்கச் சொல்லும் ஒரு வார்த்தையும் வேண்டும்.

இனி அந்த பஸ்காரம்மா. சின்ன வேலை, பிறகு பார்க்கலாம் என்று தோன்றும். அவர் கட்டில் நேர்ஸஸ் மேசைக்கு எதிரே இருந்தால் அதுதான் இப்போது மிக அவசரமான வேலை. மருந்தை விளக்கி ஐந்து நிமிடத்தில் அனுப்பினால், சிரிக்கிறவளை உங்கள் கண்முன்னே போடலாம். மருந்து விளக்குவதைத் தமிழ்ப்பிள்ளை செய்யட்டும். கட்டிலைத் தயார் செய்வது சிற்றூழியர்.

இரத்தம்? எடுத்துவரவே வேண்டாம். பை இரத்த வங்கியை விட்டு வெளியே வந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அரை மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும், முதல் 15 நிமிடம் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இந்த நேரத்தில் உங்களிடம் அந்த இரண்டு பேர் இல்லை. நோயாளிக்கு இரத்தப்போக்கு இல்லை, மூச்சுத்திணறல் இல்லை என்று பார்த்துவிட்டு, ஹவுஸ் ஒஃபிசரிடம் சொல்லி ஒரு மணி நேரம் தள்ளுங்கள். ஒப்படையில் இதைக் கட்டாயம் எழுதுங்கள். எதைச் செய்யவில்லை, யாரிடம் சொல்லிவிட்டுத் தள்ளினீர்கள் என்பதும் முன்னுரிமைதான்.

சரி, யாருக்கு எதைக் கொடுப்பது? சிரிக்கிறவளைச் சீனியர் மிஸியிடம் கொடுப்பேன். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வாமை திரும்பும்போது முதல் அறிகுறி பல சமயம் வாயால் சொல்வதுதான்: "தொண்டைய அடைக்குது", "நெஞ்சு இறுக்குது". சீனியருக்கு அது புரியாது. அதனால் கட்டிலருகே நின்று அவளிடம், "அப்படி இருந்தா கையைத் தொண்டையில வச்சுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, சீனியருக்கும் அதையே செய்துகாட்டுவேன். சரியான ஆள் யார் என்று முடிவு செய்யும்போது நம் மலையகத்தில் மொழியும் சேர்ந்தேதான் வரும். பாடப்புத்தகத்தில் இது இருக்காது, நீங்கள் எழுதுங்கள்.

அடுத்தது எல்லை. நான் புதிதாக இன்சார்ஜ் பார்த்த நாளில், இன்சுலின் போட்ட ஒரு பாட்டியைக் காட்டி, "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சிற்றூழியரிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாட்டி சாப்பிடாமல் தூங்குகிறார் என்று நினைத்துப் போர்வையும் போர்த்திவிட்டார். நான் திரும்பி வந்து தொட்டபோது உடம்பு வியர்வையில் நனைந்திருந்தது. கூப்பிட்டால் எழும்பவில்லை, சீனி இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினோம். தவறு என்னுடையது. சாப்பிடாவிட்டால் என்னிடம் வந்து சொல் என்று நான் சொல்லவில்லை.

அதனால் ஒவ்வொரு வேலையோடும் எண்ணும் நேரமும் போக வேண்டும். சீனியரிடம்: "முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, பிரஷர், மூச்சு, ஒட்சிசன் பாருங்கள். குரல் கரகரத்தாலோ, மூச்சில் விசில் கேட்டாலோ, மேல் பிரஷர் 90க்குக் கீழே போனாலோ குறித்துக்கொண்டு நிற்காமல் உடனே கூப்பிடுங்கள். கழிவறைக்கு நடக்க விட வேண்டாம், பெட்பேன் போதும்." சிற்றூழியரிடம் நாற்பது கொட்டு வாங்கிய அம்மாவின் சிறுநீர். கண்ணால் மதிப்பிடாமல், அளவுக் குவளையில் ஊற்றி, வெளிச்சத்தில் வைத்து, எனக்குக் காட்ட வேண்டும். "பிளேன்டீ நிறத்தில் வந்தால் அந்தக் குவளையோடு ஓடி வாருங்கள். 4 மணி வரை ஒன்றுமே வராவிட்டாலும் வந்து சொல்லுங்கள்." அளப்பதை அவரிடம் கொடுக்கலாம். 50 கிலோ எடைக்கு மணிக்கு 25 மில்லிலீட்டருக்குக் குறைகிறதே, டொக்டரைக் கூப்பிடவா என்ற முடிவு உங்களுடையது. சொல்லிவிட்டு, "இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் கையில் தனி நோயாளியை வைத்துக்கொள்ளாதீர்கள். ஏனென்று பாருங்கள். 2.35க்கு சீனியர் கையைத் தூக்குகிறார். நாடி 124, குரல் கம்மியிருக்கிறது. நீங்கள் கையில் வேலை இல்லாமல் மேசையருகே நிற்பதால் அந்த நொடியே போக முடிகிறது. படுக்கவைத்துக் கால் உயர்த்தி, ஒட்சிசன் வைத்து, ஹவுஸ் ஒஃபிசரை அழைத்து, 1:1000 அட்ரினலின் 0.5 மில்லிலீட்டர் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுகிறீர்கள். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொரு முறை. இதற்கிடையே தமிழ்ப்பிள்ளையிடம், "மருந்து ரவுண்டை நிறுத்து, மற்ற எல்லோரும் இப்போது உன் கண்ணில்" என்று சொல்ல வேண்டும். நிலைமை மாறிய நிமிடத்திலேயே பழைய பங்கீடு காலாவதி. அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் ஆளாளுக்குப் பழைய திட்டத்திலேயே நிற்பார்கள்.

அமெரிக்கத் தாதியச் சபைகள் வகுத்த ஐந்து 'சரி'களை (சரியான வேலை, சூழ்நிலை, ஆள், அறிவுறுத்தல், மேற்பார்வை) தலைப்பாகப் போடாதீர்கள். மேலே உள்ள முடிவுகளுக்குப் பக்கத்தில் எது எதில் பொருந்துகிறது என்று ஒரு வரியில் காட்டினால் போதும். கடைசிப் பந்தியை 7 மணிக் கைமாற்றத்துக்கு வையுங்கள். அந்த அம்மாவின் சிறுநீர் கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு, என்ன நிறம், அடுத்தது எத்தனை மணிக்கு அளக்க வேண்டும் என்பதை இரவு மிஸியிடம் கட்டிலருகே நின்று, குவளையைக் காட்டிக் கொடுங்கள்.