ஒரு வரி சர்டிபிகேட்டை நம்பி உயில் எழுதாதீர்கள்

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் காபி, மிளகுத் தோட்டம். அப்பாவுக்கு 79 வயது. இரண்டு வருஷமாக மறதி நோய், மதுரையில் காட்டி மாத்திரை கொடுக்கிறோம். நாள் கிழமை தெரிவதில்லை. சில நேரம் என்னையே அத்தை பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆனால் வீட்டையும் ஒரு ஏக்கரையும் எனக்கு எழுதிவைக்க வேண்டும் என்று அடிக்கடி சொல்கிறார். டிமென்ஷியா என்று டாக்டர் எழுதிவிட்டால் உயிலே எழுத முடியாது என்கிறான் திருப்பூரில் இருக்கும் தம்பி. பத்திரம் எழுதுகிறவரோ, சர்டிபிகேட் நானே வாங்கித் தருகிறேன், ஒரே நாளில் பதிவு பண்ணிவிடலாம் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். தம்பிக்குச் சட்டம் தெரியவில்லை. பத்திரக்காரருக்குத் தெரியும், ஆனால் அவர் கவலை வேறு.

முதலில் தம்பிக்கு. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், நோயின் பெயரைக் கேட்பதில்லை. தான் என்ன செய்கிறோம் என்று தெரியாத நிலையில் ஒருவர் உயில் எழுத முடியாது என்றுதான் அதன் 59-ஆம் பிரிவு சொல்கிறது. நோயில் கிடப்பவருக்கு அது தெரியலாம், நோயே இல்லாதவருக்குக் குடிபோதையில் தெரியாமல் போகலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும், மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்கிறது. எனவே மதுரை டாக்டரின் சீட்டில் டிமென்ஷியா என்று இருப்பது உயிலைத் தடுக்காது. கேள்வி எழுப்பும், அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது டாக்டர்களாகிய நாங்கள் நாலு விஷயம் பார்க்கிறோம். தன் காலத்துக்குப் பிறகு சொத்து யாருக்கு என்று முடிவு செய்கிறோம் என்பது அவருக்குப் புரிகிறதா? தன்னிடம் என்ன இருக்கிறது என்று ஏறத்தாழத் தெரிகிறதா? யாரெல்லாம் தன்னிடம் எதிர்பார்க்க உரிமை உள்ளவர்கள் என்று தெரிகிறதா? இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பி, அந்த நம்பிக்கையால் யாரையாவது ஒதுக்குகிறாரா? 1870-இல் இங்கிலாந்தில் பேங்க்ஸ் என்பவரின் உயில் வழக்கில் வகுத்த அளவுகோல் இது. இன்றுவரை இதைத் தாண்டி உருப்படியாக ஒன்றும் வரவில்லை.

நாள் கிழமை தெரியாதது இந்த நாலில் எதிலும் வரவில்லை, கவனித்தீர்களா? மறதிக்கு வைக்கும் 30 மார்க் பரீட்சையில் தேதி கேட்பார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள், ஒன்றின் மேல் ஒன்று விழும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு நின்று ஐம்பது வருஷம் காபி பறித்தவர் நோய் வருவதற்கு முன்பே அதில் பல மார்க்கை விட்டிருப்பார்.

விவரங்களை மாற்றி ஒன்று சொல்கிறேன். பண்ணைக்காடு பக்கம் 81 வயதுப் பெரியவர், 30-க்கு 16. என்னை வங்கி மேனேஜர் என்று நினைத்துக்கொண்டார். நிலம் எவ்வளவு என்று கேட்டேன். “ஓடைக்கு இந்தப் பக்கம் ரெண்டரை, மேலே கோயிலை ஒட்டி ஒண்ணு. மேல உள்ளதுலதான் மிளகு, சில்வர் ஓக்ல ஏத்தியிருக்கேன்.” கையில் இருந்த சிட்டாவோடு சரியாகப் பொருந்தியது. பிள்ளைகள்? “மூத்தவனுக்கு லாரி வாங்கக் கொடுத்தாச்சு. சின்னவன்தான் தோட்டத்துல கிடக்கான், மேல் தோட்டம் அவனுக்கு. மக கல்யாணத்துக்குச் செஞ்சேன், ஆனாலும் அவளுக்கும் கொஞ்சம் விடணும்.” பதினைந்து நாள் கழித்து மறுபடி போனேன். என்னைச் சுத்தமாக நினைவில்லை. ஆனால் அதே ஓடை, அதே லாரி, அதே பங்கீடு. அவர் உயில் எழுதத் தகுதி உள்ளவர் என்று எழுதிக் கொடுத்தேன்.

இன்னொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. 30-க்கு 26. நாளிதழ் படிப்பார், தேதி கரெக்டாகச் சொல்வார். இளைய மகள் தன் ஆறு பவுன் சங்கிலியைத் திருடிவிட்டாள், அதனால் அவளுக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது என்றார். சங்கிலி வங்கி லாக்கரில் இருந்தது. மூத்த மகளே எடுத்துக் காட்டினார். “இது வேற சங்கிலி, அசலை மாத்திட்டா” என்றார் அம்மா. அவருக்குத் தகுதி இல்லை என்று எழுதினேன்.

இந்தத் திருட்டுச் சந்தேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறதி நோயில் இது மிகச் சாதாரணம். வைத்த இடம் மறந்துபோகும். காணாமல் போனதற்கு ஒரு காரணம் வேண்டும். பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் திருடராகிவிடுவார். பார்த்துக்கொள்கிற மகள் அல்லது மருமகள்தான் பெரும்பாலும் பழி சுமப்பார். ஆனால் இப்படி ஒரு பொய் நம்பிக்கை இருப்பதாலேயே உயில் விழுந்துவிடாது. அந்தப் பேங்க்ஸ், செத்துப்போன ஒருவன் தன்னைத் துரத்துகிறான் என்றும் பேய்கள் விரட்டுகின்றன என்றும் நம்பியவர். அந்தப் பயத்துக்கும் அவர் யாருக்குச் சொத்துக் கொடுத்தார் என்பதற்கும் சம்பந்தமில்லை என்பதால் உயில் நின்றது. உங்கள் அப்பா ராத்திரி கொல்லையில் யாரோ நிற்கிறார்கள் என்று பயந்தால் அது வேறு. தம்பி தோட்டத்தை விற்றுவிட்டான் என்று நம்பி, அது நடக்கவே இல்லை என்றால், அந்தக் கோபத்தில் தம்பியைக் கழித்து எழுதும் உயில் நிற்காது. தம்பி நிஜமாகவே ஏமாற்றியிருந்தால் அது நோய் அல்ல, நியாயமான கோபம். பணத்தைப் பற்றித் தம்பியைத் திட்டுகிறாரா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். திட்டினால், அது உண்மையா என்று கண்டுபிடித்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அப்புறம், உங்களை அத்தை பேர் சொல்லி அழைப்பது. பேர் தவறுவது ஒன்று, ஆளே தவறுவது இன்னொன்று. வாயில் அத்தை பேர் வந்தாலும், ‘இவங்க உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கேட்டால் ‘மக’ என்றால் பரவாயில்லை. அந்த நேரம் உங்களைத் தன் தங்கை என்றே நம்பினால், யாருக்கு எழுதுகிறோம் என்றே தெரியவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு உயில் பேச்சே எடுக்கக் கூடாது.

இனி பத்திரக்காரர். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. பதிவு செய்தாலும் அது அப்பாவின் மனநிலையை நிரூபிக்காது. சார்பதிவாளர் முன் கைரேகை வைத்து ‘இது உங்க உயில்தானே’ என்றால் ‘ஆமா’ என்று தலையாட்ட ரொம்ப நினைவாற்றல் வேண்டாம். அவர் வாங்கித் தரும் சர்டிபிகேட்டில் ‘நல்ல நினைவுடனும் சித்த சுவாதீனத்துடனும் உள்ளார்’ என்று ஒரு வரி இருக்கும். உங்கள் அப்பாவின் பேர் மட்டும்தான் அதில் புதிது. அந்த டாக்டர் கூண்டில் ஏறினால், என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார் என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. நான் பார்த்த ஒரு வழக்கில் அப்படி எழுதியவர் அந்தப் பாட்டியை நேரில் பார்த்ததே இல்லை.

இதைவிட மோசமான பொறி, ‘உயில் எதுக்கும்மா, செட்டில்மென்டாப் போட்டுடலாம், யாரும் கேக்க முடியாது’ என்பது. தான செட்டில்மென்ட் உடனே அமலுக்கு வரும். அப்பா இருக்கும்போதே வீடு அவருடையதாக இருக்காது, மனம் மாறினாலும் திரும்ப வாங்குவது லேசில்லை. உயிலை அவர் தகுதியோடு இருக்கும் வரை மாற்றிக்கொள்ளலாம். பவர் பத்திரமும் வேண்டாம். எழுதிக் கொடுத்தவருக்குச் சித்த சுவாதீனம் போனால் பவரும் போய்விடும், மறதி நோயில் அந்த நாள் எது என்று பிறகு சண்டை போடுவீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மனநல மருத்துவர் அல்லது நரம்பியல் மருத்துவர் ஒருவரை, முடிந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு மதுரை போய்ச் சேரும் 79 வயதுக்காரர், மதியத்தில் எதற்குமே சரியாகப் பதில் சொல்லமாட்டார். காலை பத்து மணிக்கு, சாப்பிட்ட பிறகு, கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிட்டுப் பேசட்டும். அதற்கு முன்னால் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை, இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றால் வரும் குழப்பம் சில நாளில் சரியாகலாம், மறதி நோய் முற்றிவிட்டது என்று அதை நினைத்துவிடக் கூடாது.

பட்டா, சிட்டா, குடும்பத்தார் பட்டியல், இதுவரை யாருக்கு என்ன கொடுத்தார் என்ற விவரம் எல்லாவற்றையும் டாக்டரிடம் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அப்பா சொல்வது நிஜமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிறகு நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும், அடுப்படிக்கு அல்ல, முற்றத்துக்கு. பங்கு பெறுபவரே முன்னின்று உயில் ஏற்பாடு செய்வதைச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்று உச்ச நீதிமன்றம் 1959-இலேயே, வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தச் சந்தேகத்தைப் போக்க வேண்டிய பொறுப்பும் உயிலைக் கொண்டு வருபவருடையதுதான், அதாவது உங்களுடையது. வீடியோ எடுக்கிறேன் என்று நீங்களே ‘அப்பா, வீடு எனக்குத்தானே?’ என்று கேட்டுப் பதிவு செய்தால், அது உங்களுக்கு எதிரான சாட்சி.

டாக்டர் இரண்டு முறை, சில நாள் இடைவெளியில் பார்க்கட்டும். ‘ஆமா, இல்லை’ என்று முடியும் கேள்விகள் வேண்டாம். அப்பா சொன்ன வார்த்தைகளை அப்படியே தமிழில், தேதி நேரத்தோடு எழுதட்டும். உங்களுக்கு ஏன் கூடுதல் என்ற காரணம் அவர் வாயாலேயே வர வேண்டும், உயிலிலும் இருக்க வேண்டும். இரண்டாவது சந்திப்பை ஒட்டியே உயிலில் கையெழுத்தாகட்டும். சாட்சிகள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், டாக்டரே ஒருவராக இருந்தால் நல்லது. இன்னொருவர் உங்களைவிட இளையவராக, ஊரிலேயே இருப்பவராக இருக்கட்டும். வழக்கு வந்தால் சாட்சி சொல்ல ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும், நம் நீதிமன்றங்களின் வேகம் உங்களுக்குத் தெரியும். ஒரே உயிலுக்காக நான் ஒன்பது வாய்தா போய் எட்டு முறை சும்மா திரும்பியிருக்கிறேன். நல்ல டாக்டர்கள் இந்த வேலைக்கு ஏன் வருவதில்லை என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பதிவு செய்ய விரும்பினால் செய்யுங்கள். முடியாதவர் என்று காரணம் காட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வரச் சட்டத்தில் இடம் உண்டு.

டாக்டர் தகுதி இல்லை என்று சொன்னால் இன்னொரு டாக்டரைத் தேடிப் போகாதீர்கள். முதல் அறிக்கை தம்பியின் வக்கீல் கையில் கிடைத்துவிடும். நீங்கள் இந்துக் குடும்பம், சொத்து அப்பா சம்பாதித்தது என்றால், உயில் இல்லாதபோது அது அம்மாவுக்கும் உங்களுக்கும் தம்பிக்கும் சம பங்காகத்தான் வரும். பத்திரக்காரர் ‘முன்பணம்’ கேட்டிருந்தால் கொடுக்க வேண்டாம். அப்பா கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் ஏதாவது அவரிடம் இருந்தால் அதை இன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள்.