'அடுத்த திங்கள்' என்பது எந்தத் திங்கள்?

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஜூன் 3, புதன்கிழமை மாலை, "நாளை முதல் அடுத்த திங்கட்கிழமை வரை விடுப்பில் இருப்பேன்" என்று ஜிமெயிலில் ஆட்டோ ரிப்ளை போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். 8ஆம் தேதி திங்களன்று சீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் ஒருவர் 15ஆம் தேதி வரை எனக்காகக் காத்திருந்திருக்கிறார். எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதியது புதன்கிழமை. படித்தவர்களோ வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஆளுக்கொரு நாளில் படித்திருப்பார்கள். வெள்ளி காலையில் படித்தவருக்கு 'நாளை' என்றால் சனிக்கிழமை. இன்று நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைத்து மாலைவரை பதிலுக்காக உட்கார்ந்திருப்பார். ஆகவே நாளை, நாளை மறுநாள், இந்த வாரம் என்று 'இன்று' என்பதிலிருந்து எண்ண வேண்டிய எதுவும் ஆட்டோ ரிப்ளையில் வரவே கூடாது.

'அடுத்த திங்கள்' இன்னும் மோசம். பேச்சில் பலர் 8ஆம் தேதியை 'வர்ற திங்கள்' என்றும் அதற்கடுத்த 15ஐத்தான் 'அடுத்த திங்கள்' என்றும் சொல்வார்கள். போதாததற்கு 'வரை' வேறு சேர்ந்துவிட்டது. திங்கள் வரை என்றால் திங்களும் லீவா, அன்று வந்துவிடுவீர்களா? லீவின் கடைசி நாளை மட்டும் சொன்னால் இந்தச் சந்தேகம் தீராது. அலுவலகம் திரும்பும் நாளைத் தனியாகச் சொல்லுங்கள்:

"ஜூன் 4, வியாழன் முதல் விடுப்பில் இருக்கிறேன். ஜூன் 8, 2026, திங்கட்கிழமை காலை 10 மணிக்கு (இந்திய நேரம்) அலுவலகம் வருவேன்."

தேதி இருக்கும்போது கிழமை எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். 8க்குப் பதில் கைதவறி 9 என்று அடித்துவிட்டாலும், திங்கள் என்று பக்கத்தில் இருந்தால் படிப்பவர் சந்தேகப்பட்டுக் கேட்பார். மாதத்தை எழுத்தில் எழுதுவதும் ஏற்றுமதித் தொழிலில் மிக அவசியம். 08/06 என்று போட்டால் அமெரிக்க வாடிக்கையாளர் அதை ஆகஸ்ட் 6 என்றே படிப்பார், ஏனென்றால் அங்கே மாதம்தான் முதலில் வரும். 'இந்திய நேரம்' என்று சேர்த்ததும் அவர்களுக்காகத்தான்: நமக்குத் திங்கள் காலை 10 மணியாகும்போது கலிஃபோர்னியாவில் இன்னும் ஞாயிறு இரவு 9.30தான்.

செட்டிங்ஸில் Last day என்ற இடத்தில் திரும்பும் நாளைப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தேதியின் இரவு 11.59 வரை ஜிமெயில் பதில் அனுப்பிக்கொண்டே இருக்கும். 8ஆம் தேதி போட்டால், நீங்கள் சீட்டில் இருக்கும்போதே 'விடுப்பில் இருக்கிறேன்' என்று போய்க்கொண்டிருக்கும். அங்கே ஜூன் 7 என்று போடுங்கள்.